பாதியில் அணையும் ஆக்‌ஷன் கேமரா

நாட்டிய அரங்கேற்றத்தை முழுதாகப் பதிவு செய்ய ஆக்‌ஷன் கேமராவை டிரைபாடில் நிறுத்துகிறோம். அரை மணி நேரம்கூட ஆகாமல் அது அணைந்துவிடுகிறது. பைக் ஹெல்மெட்டில் இருந்தபோது இதே கேமரா தடையில்லாமல் ஓடியிருக்கும். வேறுபாடு காற்றில்தான். தண்ணீர் புகாதபடி மூடிய சிறு உடலுக்குள் மின்விசிறி கிடையாது. ஓட்டத்தில் எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. அரங்கில் அது இல்லை.

பேட்டரியிலிருந்து கேமரா எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆகவே சார்ஜ் தீர்வதும் சூடாவதும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். கோப்ரோ ஹீரோ 12-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் இருப்பது சுமார் 6.6 வாட்-மணி. 5.3K தரத்தில், நொடிக்கு 60 ஃப்ரேம் வைத்தால் சுமார் 70 நிமிடம் ஓடும் என்கிறது நிறுவனம். 1080p, 30 ஃப்ரேமில் 155 நிமிடம். கணக்குப் போட்டால் முதலாவதில் 5.7 வாட், இரண்டாவதில் 2.6 வாட். வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

எனவே முதலில் ஃப்ரேமைக் குறையுங்கள். 60-ஐ 30 ஆக்கினால் சென்சாரும் பிராசசரும் கையாளும் படங்கள் பாதியாகும். அடுத்து 5.3K-யிலிருந்து 4K-க்கோ 1080p-க்கோ இறங்கலாம். டிவியில் பார்க்க இதுவே போதும். டிரைபாடில் கேமரா ஆடாது என்பதால் ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிடலாம். ஹெல்மெட்டிலோ கையிலோ இருந்தால் நிறுத்தக் கூடாது. வைஃபை, ஜிபிஎஸ், குரல் கட்டளை, முன்பக்கத் திரை ஆகியவற்றை அணைத்துவிட்டு, பின்திரை ஒரு நிமிடத்தில் தானாக அணையும்படி வையுங்கள். போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வைஃபை ஓயாமல் உழைக்கும்.

இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு இன்னொரு வழி உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பேங்கிலிருந்து யுஎஸ்பி-சி வழியாக நேரே மின்சாரம் கொடுக்கலாம். பல மாடல்கள் இப்படி ஓடும். பதிவின்போதே பேட்டரி சார்ஜ் ஏறினால் கூடுதலாக உண்டாகும் சூடு இதில் இல்லை. ஆனால் பக்கவாட்டுக் கதவு திறந்திருப்பதால் மழையில் இது ஆகாது. கேபிள் பிடுங்கினால் பதிவும் நின்றுவிடும்.

கேமரா அணைந்ததற்குக் காரணம் எது என்று அறிவதும் எளிது. சூட்டினால் என்றால் திரையில் வெப்பமானிக் குறியோ எச்சரிக்கையோ வரும். ஆறியபின் போட்டால் பேட்டரியில் சார்ஜ் மீதமிருக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், லென்ஸில் ஈரம் படியும். நிழலில் வைத்து, சிறிய டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் போதும்.