தடையோடு கைமாறும் கன்சோல்

பழைய பொருள்களை விற்கும் செயலிகளில் 'நிண்டெண்டோ ஸ்விட்ச், மாட் செய்தது, மெமரி கார்டில் அறுபது கேம்' என்பது போன்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கேம் கார்ட்ரிட்ஜே பல ஆயிரம் ரூபாய் விற்கும்போது, அறுபது கேமோடு ஒரு கன்சோலே கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து வைஃபையில் இணைத்து, கேம் வாங்கும் ஈ-ஷாப்பைத் திறந்தால் திரையில் 2124-4007 என்ற பிழை எண் வருகிறது. இந்தக் கன்சோலில் ஆன்லைன் சேவைகளை நிண்டெண்டோ தடுத்திருக்கிறது என்று பொருள். வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் இழப்பு அவருக்குத்தான். ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஸ்விட்சை வைத்தே பார்க்கலாம்.

ஸ்விட்ச் 2017 மார்ச் 3-ல் விற்பனைக்கு வந்தது. அதன் மூளை என்விடியா தயாரித்த டெக்ரா எக்ஸ்1 சிப். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடும் சிறு நிரல் அந்தச் சிப்புக்குள்ளேயே, தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். கருவி பழுதானால் யு.எஸ்.பி. வழியாக மீட்பதற்கு அதில் ஒரு வழி உண்டு. அந்த மீட்பு வழியில் ஒரு ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2018 ஏப்ரலில் வெளியிட்டார்கள். வலப்பக்க ஜாய்-கான் செருகும் தண்டவாளத்தில் ஒரு குறிப்பிட்ட பின்னைச் சிறு கம்பியால் இணைத்து, வால்யூமைக் கூட்டும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் கருவி அந்த மீட்பு நிலைக்குப் போகும். பிறகு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ எந்த நிரலையும் உள்ளே அனுப்பலாம். சிலிக்கனில் பதிந்த பிழை என்பதால் அப்டேட் அனுப்பி அதைச் சரிசெய்ய முடியாது. அதன்பின் தயாரித்த கருவிகளில்தான் நிண்டெண்டோவால் அதை அடைக்க முடிந்தது. அதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான கன்சோல்கள் விற்றிருந்தன.

இந்த ஓட்டையை வைத்து எழுந்ததுதான் அட்மாஸ்பியர் என்ற மாற்று மென்பொருள். சொந்தமாக எழுதிய சிறு நிரல்களை ஓட்டவும், விளையாட்டில் சேமித்ததைப் பிரதி எடுத்து வைக்கவும், லினக்ஸ் போடவும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுக்காமல் கேம் போடவும் இதே கதவுதான் திறந்தது. சந்தையில் விற்பனைக்கு வருகிற மாட் கன்சோல்களில் 'உள்ளே இத்தனை கேம்' என்ற வாக்கியம் இருந்தால், அது இந்த இரண்டாவது வகை.

இனி தடைக்கு வருவோம். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அதற்கு மட்டுமே உரிய ஒரு டிஜிட்டல் சான்றிதழ் எழுதப்பட்டிருக்கும். நிண்டெண்டோவின் சர்வரோடு பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கருவி அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே நுழைகிறது. கன்சோலைத் தடை செய்வது என்றால் சர்வர் அந்தச் சான்றிதழை ஏற்க மறுப்பது. அதனால்தான் கணக்கை மாற்றினாலும், வேறு வைஃபையில் இணைத்தாலும், எல்லாவற்றையும் அழித்துப் புதுசுபோல ரீசெட் செய்தாலும் தடை போவதில்லை. 'ரீசெட் பண்ணினா சரியாகிடும்' என்று விற்பவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் தெரிந்தே சொல்கிறார்.

கருவிக்கு இருப்பது போலவே ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. கேம் ஆன்லைனுக்குப் போகும்போது, இது உண்மையான கார்ட்ரிட்ஜா, இந்தக் கேமுக்கு உரியதுதானா என்று சர்வர் பார்க்கிறது. டவுன்லோட் செய்து வாங்கிய கேம் என்றால் அதன் உரிமச் சீட்டு எந்தக் கணக்குக்கு, எந்தக் கருவிக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கிறது. திருட்டுப் பிரதியில் இவை பொருந்தாது. ஒரே கார்ட்ரிட்ஜின் நகல் பல கைகளுக்குப் போயிருந்தால், ஒரே சான்றிதழ் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் தலைகாட்டும். அதைக் கண்டுபிடிக்க யாரும் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.

வாங்குகிறவரை அதிகம் ஏமாற்றுவது காலதாமதம். என்ன கேம் ஓடியது, எங்கே பிழை வந்தது என்ற குறிப்புகளை ஸ்விட்ச் தனக்குள் சேர்த்து வைத்து, இணையம் கிடைக்கும்போது அனுப்புகிறது. மாட் செய்தவர்கள் இது தெரிந்து, கன்சோலை மாதக்கணக்கில் இணையத்தில் இணைக்காமலே வைத்திருப்பார்கள்; அல்லது நிண்டெண்டோவின் சர்வர்களை மட்டும் அடைத்துவிட்டு மற்ற இணையத்தைப் பயன்படுத்துவார்கள். அப்படிப்பட்ட கருவி விற்கும் நாளில் தடையில்லாமல்தான் இருக்கும். நீங்கள் வீட்டில் இணைத்த பிறகு பழைய குறிப்புகள் போய்ச் சேரும், சில நாள் கழித்துத் தடை விழும். விற்றவர் 'நான் கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது' என்பார். அது பொய்யும் அல்ல.

வாரண்டி போவதற்குக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, பிந்தைய கன்சோல்களை எப்படி மாட் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 2018-க்குப் பிறகு வந்த கருவிகளிலும், லைட், ஓ.எல்.இ.டி. மாடல்களிலும் யு.எஸ்.பி. ஓட்டை கிடையாது. அவற்றைத் திறந்து, உள்ளே ஒரு மாட் சிப்பை ஈயப்பற்று வைத்துப் பொருத்த வேண்டும். கருவி துவங்கும் கணத்தில் மின்னழுத்தத்தைச் சட்டென்று தடுமாற வைத்து, கையொப்பச் சோதனையைத் தாண்ட வைப்பது அந்தச் சிப்பின் வேலை. இதற்கான மெல்லிய நாடாவை, செயலிக்குப் பக்கத்தில் எறும்பளவுகூட இல்லாத கெப்பாசிட்டர்கள்மேல் பற்றவைக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. மாடலில் சேமிப்புச் சிப்பின் அடியில் இருக்கும் ஒரு தொடர்புப் புள்ளியையும் தொட வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய தகட்டை இடுக்கில் செருகுவார்கள். சூடு கூடினால் புள்ளியே பெயர்ந்துவிடும். செருகிய தகடு நாளடைவில் நழுவினால், நேற்றுவரை ஓடிய கன்சோல் இன்று கருந்திரையோடு நிற்கும். இந்தத் தடயங்களோடு சர்வீஸ் மையத்துக்குப் போனால், அனுமதியில்லாத மாற்றம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கருவியைத் திருத்தினால் வாரண்டி பொருந்தாது என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மூடியைத் திறந்ததாலேயே வாரண்டி போய்விடும் என்பது எல்லா நாட்டிலும் சட்டமல்ல. 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை' என்ற வகை நிபந்தனைகளுக்காக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2018-ல் நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பழுதுக்கும் திறந்ததற்கும் தொடர்பில்லாதபோதுதான் உதவும். செயலியின்மேல் பற்றவைத்த கருவியில் அப்படி வாதாடுவது கடினம். நம் ஊரில் நிலைமை இன்னும் பலவீனம். ஸ்விட்ச் பெரும்பாலும் தனி இறக்குமதியாகவே இங்கே விற்கப்படுகிறது; கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான் வாரண்டி. மாட் செய்த கன்சோலுக்கு அதுவும் கிடையாது. உள்ளே போட்டிருக்கும் உரிமமில்லாத கேம்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழும் வருகின்றன. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது, அந்தச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி இரண்டாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் இந்தப் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. அதற்கு முந்தைய மாதமே நிண்டெண்டோ தன் பயனர் ஒப்பந்தத்தைத் திருத்தி, விதி மீறினால் சேவையையோ கருவியையோ பகுதியாகவோ முழுவதுமாகவோ நிரந்தரமாகப் பயன்படாமல் ஆக்கலாம் என்று சேர்த்தது. விற்பனைக்கு வந்த அதே மாதத்தில், மிக் ஸ்விட்ச் என்ற நகல் கார்ட்ரிட்ஜைச் செருகியவர்களின் கன்சோல்கள் 2124-4508 என்ற எண்ணோடு தடையாயின. பழைய கார்ட்ரிட்ஜை நேர்மையாக விலை கொடுத்து வாங்கிய ஒருவரும் இதில் சிக்கினார். அதை முன்பு வைத்திருந்தவர் நகல் எடுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. வாங்கியதற்கான ஆதாரங்களை அனுப்பி, ஆதரவு மையத்தோடு பேசிய பிறகே அவருக்குத் தடை நீங்கியது. மேலும், ஸ்விட்ச் 2-க்கான சில கேம்களின் அட்டைக்குள் கேம் இருப்பதில்லை. அட்டை வெறும் சாவி. கேமை முதல்முறை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஆன்லைன் இழந்த கருவியில் அவை பயனில்லாதவை.

அப்படியானால் வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? முதலில் கன்சோலை முழுவதுமாக அணையுங்கள். பவர் பொத்தானைத் தட்டினால் அது தூங்க மட்டுமே செய்யும்; சில விநாடி அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் அணைப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெமரி கார்டைக் கழற்றிவிட்டு மீண்டும் போடுங்கள். மாட் செய்யாத கருவி எந்தச் சிக்கலும் இல்லாமல் துவங்கும். கார்டு இல்லையென்று அறிமுகமில்லாத செய்தி வந்தாலோ, திரை கறுப்பாகவே இருந்தாலோ உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

பிறகு கார்டைப் போட்டுத் துவக்கி, அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். சாதாரணக் கருவியில் அது வெறும் எண். அட்மாஸ்பியர் ஓடுகிறது என்றால் அதன் பின்னால் ஒரு வால் இருக்கும்:

```
17.0.1|AMS 1.6.2|E
```

AMS என்பது அட்மாஸ்பியர். கடைசியில் E இருந்தால், நீங்கள் பார்ப்பது மெமரி கார்டில் இருக்கும் பிரதியைத்தான். கருவியின் சொந்த சேமிப்பை அல்ல. அந்தப் பிரதியில் சான்றிதழை மறைத்தும் வைத்திருக்கலாம் என்பதால், அங்கே செய்யும் எந்த ஆன்லைன் சோதனையையும் நம்ப முடியாது. கார்டு இல்லாமல் துவக்கிய நிலையில், உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈ-ஷாப்பைத் திறந்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை. வைஃபை இல்லை, பிறகு பாருங்கள் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். இதில் தேறினாலும், தாமதமாக விழும் தடையை எந்தச் சோதனையும் காட்டாது. ஆகவே இரண்டு வாரத்துக்குள் தடை வந்தால் திருப்பித் தருவேன் என்று விற்பவரிடம் எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப் செய்தியிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கித் தடையும் விழுந்துவிட்டதா? முதல் ஸ்விட்ச் என்றால், கார்ட்ரிட்ஜில் தனியாக ஆடும் கேம்களும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடும் கேம்களும் தொடர்ந்து ஓடும். உங்கள் கணக்கில் வாங்கிய கேம்கள் உங்களுடையவையே. வேறு கன்சோலில் அந்தக் கணக்கைப் போட்டால் கிடைக்கும். விளம்பரத்தின் படம், விற்றவரோடு பேசிய செய்திகள், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்து ஆதரவு மையத்தை அணுகுங்கள். தடையை 'நீக்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

மாட் செய்த கன்சோலை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இனி ஆன்லைனுக்கே போகாது, பழுதானால் யாரும் தொடமாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். ஆன்லைனில் நண்பர்களோடு ஆட வேண்டும் என்று பிள்ளை கேட்டால், அந்த விலைக்கு மாட் செய்யாத பழைய கன்சோலும் ஒரே ஒரு கேமும் வாங்கிக் கொடுப்பது மேல்.