அறுவடைக்கு முன்பே குறைந்தபட்ச விலை: மக்காச்சோள விவசாயி ‘புட் ஆப்ஷன்’ வாங்குவது ஏன்?

‘புட் ஆப்ஷன்’ என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது நிஃப்டியும், வியாழனோ செவ்வாயோ வரும் எக்ஸ்பைரியும்தான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி சொன்னது. ஆனால் இதே புட்டை, விலை குறையும் என்று பந்தயம் கட்டாமல், விலை குறைந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாகாணத்து மக்காச்சோள விவசாயி அதற்கு நல்ல உதாரணம்.

அவருடைய சிக்கல் என்ன?

அயோவாவில் ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் விதைப்பார்கள். அறுவடை செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை போகும். விதை, உரம், குத்தகை, டீசல் என்று செலவெல்லாம் முன்னாலேயே போய்விடும். வருமானம் வர அரை வருடத்துக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில் விலை எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது.

சிகாகோ சந்தையில் ‘டிசம்பர் கார்ன் ஃபியூச்சர்ஸ்’ என்று ஒன்று வர்த்தகமாகிறது. புது அறுவடைக்கான விலையை எல்லோரும் இதை வைத்துத்தான் பேசுவார்கள். பயிர்க் காப்பீட்டுக்காக இதன் பிப்ரவரி மாத சராசரியையும், அறுவடை நேரத்து அக்டோபர் சராசரியையும் அமெரிக்க அரசு கணக்கிடும். 2013-இல் பிப்ரவரி சராசரி ஒரு புஷெலுக்கு 5.65 டாலர். அக்டோபர் சராசரி 4.39 டாலர். ஒரு புஷெல் மக்காச்சோளம் என்பது சுமார் 25 கிலோ. விதைக்கும் முன் கண்ணில் தெரிந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அறுவடைக்குள் காணாமல் போய்விட்டது.

முன்கூட்டியே விற்றுவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. பிப்ரவரியிலேயே 5.65-க்கு ஃபியூச்சர்ஸை விற்றிருக்கலாம். அல்லது பக்கத்து ‘எலிவேட்டர்’, அதாவது தானியத்தை வாங்கிச் சேமிக்கும் கிடங்கிடம், “அக்டோபரில் இத்தனை புஷெல் தருகிறேன்” என்று ஒப்பந்தம் போட்டிருக்கலாம். 2013-இல் இதைச் செய்தவர்கள்தான் ஜெயித்தார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். 2012-இல் பிப்ரவரி சராசரி 5.68 டாலர். மே மாதம் அமெரிக்க வேளாண் துறை ஏக்கருக்கு 166 புஷெல் விளையும் என்று கணித்தது. அப்புறம் வந்தது கடும் வறட்சி. கடைசியில் விளைந்தது ஏக்கருக்கு சுமார் 123 புஷெல்தான். ஆகஸ்டில் டிசம்பர் ஃபியூச்சர்ஸ் 8 டாலரைத் தாண்டியது. அக்டோபர் சராசரி 7.50 டாலர்.

இப்போது, 60,000 புஷெலை 5.68 டாலர் கணக்கில் தருவதாக ஒப்பந்தம் போட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வறட்சியால் அவருக்கு 45,000 புஷெல்தான் விளைந்தது. மீதி 15,000 புஷெலுக்கு அவர் சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்குமான வித்தியாசத்தைக் கொடுத்தாக வேண்டும். புஷெலுக்கு 1.82 டாலர் வீதம் 27,300 டாலர். விளையாத சோளத்துக்குக் கையிலிருந்து பணம்!

ஃபியூச்சர்ஸ் விற்றவருக்கு வேறு மாதிரி தலைவலி. விலை ஏற ஏற, அன்றன்றைய நஷ்டத்தை அன்றன்றே கட்ட வேண்டும். இதுதான் ‘மார்ஜின் கால்’. 40,000 புஷெலை 5.68-க்கு விற்றவர், விலை 8 டாலரைத் தொட்டபோது மொத்தம் 92,800 டாலர் கட்டியிருப்பார். சோளம் இன்னும் வயலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

விலை சரிவதும் ஆபத்து, விளைச்சல் பொய்ப்பதும் ஆபத்து. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. கையில் இல்லாத ஒன்றை விற்பதாக வாக்குக் கொடுப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். புட்டுக்கு வேலை வருவது இங்கேதான்.

புட் என்ன செய்கிறது?

புட் என்பது குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை. விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. அதுதான் பிரீமியம். வாங்கும்போதே முழுசாகக் கட்டிவிடுவதால், அதற்குப் பிறகு மார்ஜின் கால் வராது. அதிகபட்ச நஷ்டமும் அந்த பிரீமியம்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 ஏக்கர், ஏக்கருக்கு 180 புஷெல் எதிர்பார்க்கும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90,000 புஷெல். சிகாகோவில் ஒரு காண்ட்ராக்ட் 5,000 புஷெல். அவர் 8 புட் வாங்குகிறார். அதாவது 40,000 புஷெலுக்கு, விளைச்சலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. ஸ்டிரைக் விலை 5.50 டாலர். பிரீமியம் புஷெலுக்கு 45 சென்ட் என்று கொள்வோம். மொத்தச் செலவு 18,000 டாலர்.

அப்படியென்றால் அவருடைய குறைந்தபட்ச விலை 5.50 டாலரா? இல்லை. இரண்டு கழித்தல் இருக்கிறது.

முதலாவது, கட்டிய பிரீமியம். இரண்டாவது, ‘பேசிஸ்’. அவர் சோளத்தை விற்பது சிகாகோவில் இல்லை, ஊர் எலிவேட்டரில். அங்கே சிகாகோ விலையைவிட வழக்கமாகக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார்கள். போக்குவரத்து, சேமிப்புச் செலவு எல்லாம் அதில் அடக்கம். அது 30 சென்ட் என்றால், 5.50-இல் 0.45-ஐயும் 0.30-ஐயும் கழிக்க 4.75 டாலர். உண்மையான தரை அதுதான். உரம், குத்தகை, கடன் தவணை எல்லாம் சேர்த்து ஒரு புஷெலுக்கு ஆகும் செலவை இந்த 4.75-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு வருடம், மூன்று விவசாயிகள்

இந்தக் கணக்கை இரண்டு வருடத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒப்பிட வசதியாக, பிரீமியமும் பேசிஸும் இரண்டு வருடமும் ஒன்றே என்று கொள்வோம்.

2013: எதுவுமே செய்யாதவருக்கு ஊரில் கிடைப்பது புஷெலுக்கு 4.09 டாலர். ஃபியூச்சர்ஸ் விற்றவருக்கு 5.35. புட் வாங்கியவருக்கு 4.75. ஃபியூச்சர்ஸ் 4.39-க்கு இறங்கியதால், 5.50-க்கு விற்கும் அவருடைய உரிமையின் மதிப்பு 1.11 டாலர். அதில் 45 சென்ட் பிரீமியம் போக 66 சென்ட் லாபம். 40,000 புஷெலுக்கு 26,400 டாலர்.

2012: எதுவுமே செய்யாதவருக்கு 7.20 டாலர். ஃபியூச்சர்ஸ் விற்றவருக்கு 5.38. புட் வாங்கியவருக்கு 6.75. அவருடைய புட் காலாவதியாகி பூஜ்யம் ஆனது. ஆனால் சோளத்தை முழு சந்தை விலைக்கு விற்க அவரை எதுவும் தடுக்கவில்லை. விளைச்சல் பாதியாகியிருந்தாலும் யாருக்கும் எதையும் தர வேண்டிய கடமை இல்லை.

கவனித்தீர்களா? இரண்டு வருடத்திலும் புட் வாங்கியவர் முதலிடத்தில் இல்லை. இரண்டு வருடத்திலும் கடைசி இடத்திலும் இல்லை. அந்த 45 சென்ட் வாங்கித் தருவது இந்த நடு இடத்தைத்தான்.

அவர் கடைசி இடத்துக்குப் போகும் வருடமும் உண்டு. விலை பெரிதாக அசையாத வருடம் அது. 5.65-இல் தொடங்கி 5.60-இல் முடிந்தால், புட் வாங்கியவர் மற்றவர்களைவிடச் சுமார் 45 சென்ட் குறைவாகப் பெறுவார். தொடர்ந்து மூன்று வருடம் அப்படிப் போனால், “சும்மா காசைக் கரைக்கிறோமே” என்று தோன்றத்தான் செய்யும்.

பிரீமியத்தைக் குறைக்க முடியாதா?

முடியும். ஸ்டிரைக்கைக் கீழே இறக்கலாம். 5.50-க்குப் பதில் 5.00 டாலர் புட் என்றால், அதே கணக்கில் பிரீமியம் 26 சென்ட் அளவுக்கு வரும். ஆனால் தரையும் 4.44 டாலருக்கு இறங்கிவிடும். வாகனக் காப்பீட்டில் முதல் சில ஆயிரத்தை நாமே ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையுமே, அதே கதைதான்.

இன்னொரு வழி, புட்டை வாங்கிக்கொண்டே மேலே ஒரு ‘கால் ஆப்ஷனை’ விற்பது. வரும் பணம் புட்டின் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கால் விற்றவருக்கு விலை ஏறினால் மார்ஜின் கால் வரும், மேல் லாபமும் ஒரு எல்லையோடு நின்றுவிடும். 2012 மாதிரி வருடத்தில், எதிலிருந்து தப்பிக்கப் புட் வாங்கினாரோ அதிலேயே மறுபடி மாட்டிக்கொள்வார்.

எங்கே சறுக்குவார்கள்?

பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான். விவசாயி சிகாகோவுக்குப் போய் புட்டைச் செயல்படுத்த வேண்டியதில்லை. செயல்படுத்தினால் ஃபியூச்சர்ஸ் விற்ற நிலை கணக்கில் வந்து உட்காரும், மார்ஜினும் கூடவே வரும். சோளத்தை எலிவேட்டருக்கு விற்கும் அதே நாளில் புட்டைச் சந்தையில் விற்றுவிடுவதுதான் நேரான வழி.

சோளம் விற்றாகிவிட்டது, ஆனால் “இன்னும் இறங்கும்போல இருக்கே” என்று புட்டை மட்டும் வைத்துக்கொண்டால்? இப்போது அதன் பின்னால் தானியம் இல்லை. அது நிஃப்டி புட் மாதிரி ஒரு பந்தயம், அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கும். ஜூலையில் புட் நல்ல லாபம் காட்டியதும் விற்றுவிட்டு, சோளத்தை மட்டும் வயலில் விட்டுவைப்பது. அந்த நிமிடத்தோடு தரை போய்விட்டது.

தேதியும் முக்கியம். டிசம்பர் ஆப்ஷன் காலாவதியாவது நவம்பர் கடைசியில். சோளத்தைக் கிடங்கில் வைத்து மார்ச்சில் விற்க நினைப்பவருக்கு டிசம்பர் புட் நான்கு மாதம் முன்பே கைவிட்டுவிடும். பேசிஸுக்கும் புட்டில் காப்பு இல்லை. உள்ளூர் கிடங்குகள் நிரம்பி 30 சென்ட் 50 ஆனால், அந்த 20 சென்ட் இழப்பு விவசாயியோடதுதான்.

விவசாயிகள் மட்டுமா?

இல்லை. மெக்சிகோ அரசு தன் எண்ணெய் வருமானத்துக்கு இதையே செய்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டு ஏற்றுமதிக்காக 2008-லேயே பீப்பாய்க்கு 70 டாலர் என்ற அளவில் புட் வாங்கியது. உலக நிதி நெருக்கடியில் எண்ணெய் விலை சரிந்தபோது, அதற்கு 500 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அளவு பெரிது, தர்க்கம் அயோவா விவசாயியுடையதுதான். பூமிக்குள்ளிருந்து இன்னும் எடுக்காத ஒன்றை விற்பதாக வாக்குக் கொடுக்காமல், விற்கும் உரிமையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது.

ஒருவர் கையில் இருக்கும் புட் பாதுகாப்பா, சூதாட்டமா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த விலை இறங்கினால் அவருக்கு வேறு எங்கே அடிபடும்? அயோவா விவசாயி தன் 500 ஏக்கரைக் காட்டுவார். காட்ட எதுவும் இல்லாதவர் வாங்கியிருப்பது பந்தயம்.