உடுத்தியவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர்

காஞ்சிபுரம் பட்டு விற்கும் சின்னக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இன்ஸ்டாகிராமில் பக்கம் உண்டு. மாடலை அழைத்துப் படம் எடுக்கும் அளவுக்கு வசதி இல்லை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கடையின் அரக்குச் சேலையை உடுத்திய தன் கல்யாணப் படத்தைப் போட்டு, கடையையும் டேக் செய்கிறார். கடைக்கார அம்மா உடனே செய்தி அனுப்புகிறார்: “சேலை உங்களுக்கு அவ்வளவு அழகா இருக்கு மா. நம்ம பேஜ்ல போட்டுக்கலாமா?” பதில் வருகிறது: “தாராளமா போடுங்க அக்கா.”

அரை மணி நேரத்தில் படம் கடைப் பக்கத்தில் ஏறிவிட்டது. கேப்ஷனில் சேலையின் நிறம், ஜரிகை, விலை, வாட்ஸ்அப் எண், ஹேஷ்டேக் வரிசை. எல்லாம் முடிந்து அடியில் ஒரு வரி: “நன்றி, படத்தின் சொந்தக்காரருக்கு.”

மறுநாள் காலை இன்னொரு செய்தி வருகிறது. அனுப்பியவர் கல்யாணப் போட்டோகிராபர். “அது நான் எடுத்த படம் மேடம். என் பெயரைக் காணோமே?”

அனுமதி கேட்காமல் படத்தைச் சுடும் கடைகளைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. இந்த அம்மா அப்படிப்பட்டவர் அல்ல. முறையாகக் கேட்டுத்தான் போட்டார். ஆனால் “போட்டுக்கலாமா?” என்று கேட்டவர், “யார் எடுத்தது, என்ன பெயரில் போடட்டும்?” என்று கேட்கவில்லை. கோளாறு அங்கேதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, புகைப்படத்தின் ஆசிரியர் என்று சொல்வது அதை எடுத்தவரை. படத்தில் இருப்பவரை அல்ல. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு திருப்பம் உண்டு. காசு கொடுத்து ஒருவர் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. ஆகவே கல்யாண வீட்டார் கொடுத்த அனுமதி பெரும்பாலும் செல்லும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், பதிப்புரிமை தங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் ஸ்டூடியோக்களும் இருக்கின்றன. ஆனால் உரிமை யார் கைக்குப் போனாலும், “இது என் படைப்பு” என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே தங்குகிறது. அது 57ஆம் பிரிவு. அனுமதி தருபவர் ஒருவராகவும் பெயர் போடப்பட வேண்டியவர் வேறொருவராகவும் இருப்பது இதனால்தான்.

படத்தைப் பதிவிட்டவர்தான் எடுத்தவர் என்று நினைத்துப் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் தன் படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தன் கணக்கில் தன்னுடையவை போலப் போட்டார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்த வேறொருவரின் பெயரோடு படங்களை வெளியிட, கெட்டி நிறுவனம் வழியாகவும் அவை பரவின. மொரேல் அனுமதி தரவே இல்லை என்பதால் அது பெயர்ப் பிழையோடு முடியவில்லை. 2013இல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. பட்டுக்கடைக்கு அவ்வளவு பெரிய ஆபத்து வராது. ஆனாலும் தப்பின் வேர் ஒன்றுதான்: கணக்கின் பெயரைப் பார்த்தார்கள், எடுத்தது யார் என்று கேட்கவில்லை.

சரி, அந்தக் கேப்ஷனை எப்படித் திருத்துவது? முதலில் இடம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துகள் வரை இடமுண்டு; ஆனால் படத்தின் கீழே உடனே தெரிவது தொடக்கம் மட்டுமே. மற்றதைப் பார்க்கத் தொட்டு விரிக்க வேண்டும். விலைக்கும் ஹேஷ்டேகுக்கும் கீழே கிடக்கும் பெயர், போடாத பெயர் மாதிரிதான். கமென்ட்டில் போடுவது இன்னும் மோசம், பத்துப் பேர் “விலை என்ன?” என்று கேட்டதும் புதைந்துவிடும். படத்தின் மேல் டேக் செய்வது நல்லதுதான். ஆனால் அதுவும் படத்தைத் தொட்டால்தான் தெரியும். டேக் கேப்ஷனுக்குத் துணை, மாற்று அல்ல.

அடுத்தது சொற்கள். “நன்றி” என்று மட்டும் எழுதினால் எதற்கு நன்றி என்று யாருக்கும் புரியாது. யார் என்ன செய்தார் என்று சொன்னால் போதும்:

```
உடுத்தியிருப்பவர்: @peyar_k
படம்: @studio_peyar
அரக்கு நிறப் பட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர்...
```

மூன்றே வரி. கேப்ஷன் அழகு கெட்டுவிடும் என்று சில கடைகள் தயங்குகின்றன. சேலையை வாங்கி உடுத்தி அழகாகக் காட்டியவர் பெயரால் கடையின் அழகு எப்படிக் கெடும் என்பது இதை எழுதுபவருக்குப் புரியவில்லை.

பெயரைக் கையால் தட்டச்சு செய்வதும் ஒரு பொறி. `@peyar_k` ஒருவர், `@peyar.k` இன்னொருவர். ஒரு புள்ளியில் நன்றி முன்பின் தெரியாத ஆளுக்குப் போய்விடும். பதிவிட்டதும் அந்தப் பெயரை ஒருமுறை தொட்டு, சரியான பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது பத்து நொடி வேலை. அதே கேப்ஷனை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ அப்படியே ஒட்டும்போதும் கவனம் வேண்டும். அங்கே அந்த @ எங்கும் கொண்டுபோகாது. “இன்ஸ்டாகிராமில் இன்னார்” என்று எழுதினால்தான் பொருள்படும்.

எல்லோரும் பெயர் வர வேண்டும் என்று விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைப் பக்கத்தில் தன் கணக்கு தெரிந்ததும் முன்பின் அறியாதவர்களிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கும். பெண்களுக்கு இது பழகிய தலைவலி. சிலர் பெயர் மட்டும் போடுங்கள், கணக்கு வேண்டாம் என்பார்கள். சிலர் பெயரே வேண்டாம் என்பார்கள். அப்படியானால் “எங்கள் வாடிக்கையாளர், அவர் அனுமதியோடு” என்று எழுதலாம். போட்டோகிராபர் பெயர் அப்போதும் நிற்க வேண்டும். எனவே கேட்கும் செய்தியே இப்படி இருந்தால் நல்லது: “படத்தை நம்ம இன்ஸ்டா பேஜ்ல போட்டுக்கலாமா மா? உங்க பேரை எப்படிப் போடணும்? படம் எடுத்தது யாரு?”

சேலை விற்றதா, சும்மா கொடுத்ததா என்பதும் முக்கியம். இலவசமாகக் கொடுத்துப் படம் போட வைத்தவரை “எங்கள் வாடிக்கையாளர்” என்று எழுதினால் பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அத்தகைய பதிவில் விளம்பரம் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். பெயர் போட்டது அதற்கு ஈடாகாது.

பெயர் போட்டால் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுமா? 2019இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் எடுத்த படங்களுக்குப் போட்டி வைத்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. வென்ற படங்களை விளம்பரப் பலகைகளில் வைப்போம் என்ற அறிவிப்பில் பணத்தைப் பற்றிய பேச்சில்லை. விமர்சனம் கிளம்பியதும், வென்றவர்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்று ஆப்பிள் அறிவித்தது.

பட்டுக்கடையிலும் அந்தக் கட்டம் ஒருநாள் வரும். தீபாவளிக்குக் கடை வாசலில் பேனர் வைக்க அந்த அரக்குச் சேலைப் படமே பொருத்தமாகத் தோன்றும். பழைய “தாராளமா போடுங்க” அதற்குச் செல்லாது. அது பேஜுக்குச் சொன்னது. இருவரிடமும் மறுபடி கேட்டு, பேனர் என்று குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். காலம் சொல்லாத உரிமத்தைச் சட்டம் 5 ஆண்டுக்கு என்றே எடுத்துக்கொள்ளும். பேனரில் எந்த @ஐயும் விரலால் தொட்டுத் திறக்க முடியாது. அங்கே போட்டோகிராபரின் பெயரை ரோட்டில் நிற்பவர் படிக்கும் அளவில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.