நோன்பு மாதத்தில் இஸ்தான்புல்

ரமலானில் இஸ்தான்புல் செல்பவர்கள் கையில் முதலில் வைத்திருக்க வேண்டியது அன்றைய நோன்பு நேர அட்டவணை. மார்ச் தொடக்கத்தில் நோன்பு வந்தால், சஹர் முடிவது காலை ஆறேகால் மணியளவில்; நோன்பு திறப்பது மாலை ஏழு மணிக்குச் சற்று முன். நாள் செல்லச் செல்ல இடைவெளி நீளும்.

சுல்தான் அகமது பகுதியில் பகலிலும் உணவகங்கள் திறந்திருக்கும். நோன்பு இல்லாதவர்கள் பட்டினி கிடக்க நேராது. பக்திமிக்க ஃபாத்திஹ் பகுதியில் சில கடைகள் மாலையில்தான் அடுப்பு மூட்டும். அங்கே தெருவில் தின்றுகொண்டு நடக்காமலிருப்பதே மரியாதை.

நோன்பாளிகள் நடை மிகுந்த இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒன்பது மணிக்கு தோப்காப்பி அரண்மனை (செவ்வாய் விடுமுறை), பிறகு லுஹர் தொழுகைக்கு நீல மசூதி. தொழ வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பார்வையாளர்களுக்குத் தொழுகை நேரங்களில் அனுமதியில்லை, வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மூடியிருக்கும். பிற்பகலில் அறைக்குத் திரும்பி உறங்கலாம்.

நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் சிக்கல். ஊரே வீட்டுக்கு விரைவதால் சாலைகள் திணறும், ரொட்டிக் கடைகளில் சூடான ரமலான் பிதேக்கு வரிசை நீளும். அந்நேரம் டாக்சியை நம்பாமல் டிராமில் செல்லுங்கள். உணவக மேசையை முந்தைய நாளே சொல்லி வையுங்கள்.

இரவில் பெரிய பள்ளிவாசல்களின் மினாராக்களுக்கிடையே விளக்கு எழுத்துகள் ஒளிரும். தராவீஹ் முடிந்தபின் நள்ளிரவு வரை வீதிகள் கலகலக்கும்.

பயணிகளுக்கு நோன்பைத் தள்ளிவைத்துப் பின்னர் நிறைவேற்றும் சலுகை மார்க்கத்தில் உண்டு. பெருநாளன்று கிராண்ட் பஜார் திறக்காது. வாங்க வேண்டியதை முன்பே வாங்கிவிடுங்கள்.