கசியாத கேஸும் கொல்லும்

2023 மார்ச்சில் ஹோலி முடிந்த கையோடு, அடுத்தடுத்து இரண்டு ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான செய்தி வந்தது. மும்பை காட்கோபரில் ஒரு தம்பதி, காஜியாபாத் அருகே முராத்நகரில் இன்னொரு தம்பதி. வண்ணப்பொடி விளையாடிவிட்டுக் குளிக்கப் போனவர்கள் உயிரோடு வெளியே வரவில்லை. இரண்டு இடங்களிலும் கேஸ் கீசரின் புகையே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பலர் சொல்வது, "கேஸ் லீக் ஆகியிருக்கும்" என்பதுதான். இந்த நினைப்பு ஆபத்தானது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் அதில் கலந்திருக்கும் நெடி நம்மை எச்சரித்துவிடும். குளியலறையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. குழாயும் ரெகுலேட்டரும் கச்சிதமாக இருக்கும் வீட்டிலும், புதிதாக வாங்கி மாட்டிய கீசரிலும் அது உண்டாகலாம். அதற்குக் கசிவு தேவையில்லை. அறையில் காற்று குறைந்தாலே போதும்.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி உள்ள குளியலறை நம் அடுக்குமாடி வீடுகளில் சாதாரணம். அதற்குள் இருக்கும் காற்று சுமார் 6,800 லிட்டர். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,400 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை நன்றாகச் சூடாக்கித் தரும் கேஸ் கீசர், எரிவதற்காக நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் போதும். அந்தச் சிறிய அறைக்குள் நூற்றைம்பது பேருக்கு மேல் நின்று மூச்சு விடுவதற்குச் சமம் இது.

கதவையும் வென்டிலேட்டரையும் இறுக மூடிவிட்டால், ஐந்தே நிமிடத்தில் 200 லிட்டர் ஆக்சிஜன் தீர்ந்து, 21 சதவீதம் 18 ஆக இறங்கிவிடும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தால் இன்னும் சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். அதுவரை முழுமையாக எரிந்து கரியமில வாயுவாக மாறிக்கொண்டிருந்த கேஸ், ஆக்சிஜன் போதாமல் அரைகுறையாக எரியத் தொடங்கும். பிறக்கும் நச்சு அங்கேயே தங்கும். இந்த வகைக் கீசர்கள் பலவற்றுக்குப் புகைப்போக்கி கிடையாது. எரிந்த வாயுவை அவை அறைக்குள்ளேயே விடுகின்றன.

பல கீசர்களில் 20 நிமிடம் ஓடினால் தானாக நிற்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் மேலே சொன்ன ஐந்து நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளே போன கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏற வேண்டிய இடம் நிரம்பிவிடுவதால் மூளையும் இதயமும் பட்டினி கிடக்கின்றன. முதலில் தலை கனக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். சூடான தண்ணீரும் ஆவியும் தந்த அசதி என்றே குளிப்பவர் நினைப்பார். தப்பித்து வெளியேற வேண்டும் என்று தோன்றும்போது கால்கள் ஒத்துழைக்காது. தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும்.

எல்லோரும் இறந்துவிடுவதில்லை. குளியலறையில் மயங்கிக் கிடந்தார், வலிப்பு வந்தது என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. மூளை ஸ்கேன் இயல்பாக இருக்க, காக்காய்வலிப்பு என்று கருதி மாத்திரை தொடங்கப்பட்டவர்களும் அவர்களில் அடக்கம். பிறகு விசாரித்தால், வீட்டில் கேஸ் கீசர். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதைத் தனி நிலையாகவே பதிவுசெய்து, 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று அழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதியும் நடைத் தளர்ச்சியும் தலைகாட்டுவதுண்டு.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதே 98 என்று காட்டும்.

சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தீருமா? ஃபேன் காற்றை வெளியே தள்ளுமே தவிர, உள்ளே கொண்டுவராது. கதவு இறுக்கமாக மூடி, கீழே இடைவெளியும் இல்லாவிட்டால் அது வீணாகச் சுற்றும். மேலே வெளியேற ஒரு வழி, கீழே நுழைய ஒரு வழி என இரண்டும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், மேலே சொன்ன அறையில் கரியமில வாயுவை மட்டும் அரை சதவீதத்துக்குள் வைத்திருக்க, அறைக் காற்று முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தரம் மாற வேண்டும். குளிர் அடிக்கிறது என்று வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைக்கும் மார்கழி மாதத்தில் இது நடக்கிற காரியமல்ல.

ஆகவே, புகைப்போக்கி இல்லாத கேஸ் கீசருக்குக் குளியலறைக்குள் இடமே கிடையாது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள், எரியத் தேவையான காற்றையும் வெளிவரும் புகையையும் அறைக் காற்றோடு சேராமல் குழாய் வழியே கையாளும் கருவியைத் தவிர வேறெதையும் குளியலறையில் பொருத்தத் தடை விதிக்கின்றன.

நம் வீடுகளில் செய்யக்கூடியது எளிது. கீசரையும் சிலிண்டரையும் திறந்த பால்கனிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டக் கூடாது. புகை அந்த வழியே திரும்பி வரும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் வெளியிடம் ஆகாது. சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேற்பகுதியில் கரி படிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நீலச் சுடர் தெரிகிறதே என்று நிம்மதி அடைவதும் தவறு.

வாடகை வீடு, உடனே மாற்ற வழியில்லை என்பவர்கள் வாளியைப் பயன்படுத்தலாம். கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வெந்நீர் பிடிக்க வேண்டும். 20 லிட்டர் வாளி மூன்று, நான்கு நிமிடத்தில் நிறைந்துவிடும். கீசரை அணைத்து, சற்று நேரம் காற்று மாறவிட்டு, அதன் பிறகே கதவை மூடிக் குளிக்க வேண்டும். கீசர் எரியும்போது யாரும் உள்ளே குளிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குவதும் நல்லது. கேஸ் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளே போனவர் அழைத்தும் பதில் சொல்லாவிட்டால், கதவை உடைத்தாவது திறந்து, கீசரை அணைத்து, அவரைத் திறந்தவெளிக்கு இழுத்து வாருங்கள். 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "பாத்ரூமில் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். சாதாரணக் காற்றில் நச்சின் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.