காலியாகும் எண்கள்: இருமுறை சேமித்த ஜேபெக் படத்தின் கணக்கு

1600 × 1200 பிக்சல் அளவுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேபெக் முறை இதை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. அகலத்தில் 200, உயரத்தில் 150 என மொத்தம் 30,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஒளியளவும் டிசிடி என்ற உருமாற்றத்தால் 64 கெழுக்களாக மாறுகிறது. ஒவ்வொரு கெழுவும் ஓர் அதிர்வெண்ணின் அளவு. ஆக, ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் பார்த்தாலே எண்ணிப் பார்க்க 30,000 மதிப்புகள் கிடைக்கின்றன. அந்தப் படம் ஏற்கெனவே ஒருமுறை ஜேபெக்காகச் சேமிக்கப்பட்டதா என்பதை இந்த மதிப்புகளின் பரவல் காட்டிக்கொடுக்கும்.

ஜேபெக்கில் தகவல் பெரும்பாலும் தொலைவது குவாண்டைசேஷன் என்ற படியில்தான். ஒவ்வொரு கெழுவும் அட்டவணையில் அதற்குரிய எண்ணால் வகுக்கப்பட்டு, அருகிலுள்ள முழு எண்ணாக்கப்படுகிறது. 1992-இல் வந்த T.81 தரநிலையில் உள்ள மாதிரி அட்டவணையின் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40, 51, 61. இண்டிபெண்டென்ட் ஜேபெக் குரூப்பின் libjpeg நிரல், தரம் 50-க்கு மேல் இருந்தால் இந்த எண்களை (200 − 2 × தரம்) சதவீதமாகச் சுருக்கி, முழு எண்ணாக்குகிறது. மூன்றாவது எண்ணான 10, தரம் 75-இல் 5 ஆகும். தரம் 85-இல் 3 ஆகும். இந்த 5-ஐயும் 3-ஐயும் வைத்தே கணக்கைப் போடுவோம்.

முதலில் தரம் 75-இல் சேமித்த படம் திறக்கப்பட்டு, தரம் 85-இல் மறுபடி சேமிக்கப்படுகிறது. முதல் சேமிப்புக்குப் பிறகு இந்த அதிர்வெண்ணில் 0, 5, 10, 15, 20, 25 என ஐந்தின் மடங்குகள் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது சேமிப்பு அவற்றை 3-ஆல் வகுக்கிறது: 0, 1.67, 3.33, 5, 6.67, 8.33. முழு எண்ணாக்கினால் 0, 2, 3, 5, 7, 8. இடையிலுள்ள 1, 4, 6, 9 ஆகிய எண்களுக்கு வந்து சேர எதுவுமே இல்லை. எதிர்மறைப் பக்கத்திலும் இதே கணக்குதான்.

எவ்வளவு வேறுபாடு தெரியும் என்பதைப் பார்க்க, மூல கெழுக்கள் ஓர் அலகுக்கு 100 வீதம் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அவை பூஜ்யத்தை ஒட்டிக் குவிந்து, விலக விலகக் குறையும். ஆனால் ஐந்து எண்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் மேடுபள்ளம் அதனால் மறையாது.

| சேமித்த எண் | ஒரே முறை (படி 3) | 5, பிறகு 3: கணக்குப்படி | 5, பிறகு 3: நடைமுறையில் |
|---|---|---|---|
| 0 | 300 | 500 | 500 |
| 1 | 300 | 0 | 20 |
| 2 | 300 | 500 | 480 |
| 3 | 300 | 500 | 480 |
| 4 | 300 | 0 | 20 |
| மொத்தம் | 1500 | 1500 | 1500 |

கடைசிப் பத்தியில் 0 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருப்பதற்குக் காரணம் உண்டு. படத்தைத் திறக்கும்போது பிக்சல்கள் முழு எண்களாக்கப்படுகின்றன. அந்தப் பிழை மறுபடி டிசிடி செய்யும்போது கெழுவுக்குள் வருகிறது. அதன் திட்ட விலக்கம் சுமார் 0.29. எண் 3-க்குரிய எல்லை 7.5 முதல் 10.5 வரை, 10 என்ற மதிப்பு அந்த எல்லைக்கு 0.5 தொலைவில்தான் இருக்கிறது. எனவே நூற்றுக்கு சுமார் 4 மதிப்புகள் எல்லை தாண்டி 4-இல் விழும். அதனால் ‘காலி’ எண் முற்றிலும் காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அண்டை எண்களோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

வரிசையைத் திருப்பினால், அதாவது முதலில் 85, பிறகு 75 என்றால், தடம் வேறு வடிவம் எடுக்கும். மூன்றின் மடங்குகளை 5-ஆல் வகுக்கும்போது எந்த எண்ணும் காலியாவதில்லை. எண் 0-க்கு ஒரு மதிப்பும், 1-க்கு இரண்டும் (3, 6), 2-க்கு இரண்டும் (9, 12), 3-க்கு ஒன்றும் (15) வந்து சேரும். ஒரே முறை சேமித்திருந்தால் எல்லாம் 500 ஆக இருந்திருக்கும். இங்கே 300, 600, 600, 300 என்று மூன்றுக்கு ஒருமுறை பள்ளம் விழுகிறது. கடைசிச் சேமிப்பின் தரம் குறைவாக இருந்தால் தடம் இப்படி மங்கும், ஆனாலும் எண்ணினால் அகப்படும்.

எண்ணாமல் கோப்பின் தலைப்பை மட்டும் படித்தால் இது தெரியாது. கீழுள்ள கட்டளை அட்டவணையை அச்சிட்டுக் காட்டும்:

```
djpeg -verbose -verbose photo.jpg > /dev/null
```

இங்கே கிடைப்பது கடைசிச் சேமிப்பின் அட்டவணை மட்டும். நம் எடுத்துக்காட்டில் அது 3 என்று சொல்லும். முந்தைய படியான 5-இன் தடம், கெழுக்களின் பரவலில்தான் இருக்கிறது. ஐந்துக்கு ஒருமுறை திரும்பும் வடிவத்தையும் தலைப்பில் உள்ள 3-ஐயும் சேர்த்துப் பார்த்து முதல் படியை ஊகிக்கலாம். 2003-இல் லூக்காஷ், ஃப்ரிட்ரிச் இருவரும் முதல் அட்டவணையை மதிப்பிடுவதைப் பற்றி எழுதினார்கள். 2004-இல் பொபெஸ்குவும் ஃபரீதும் இந்தத் திரும்பும் வடிவத்தையே இருமுறைச் சேமிப்பின் அடையாளமாக விளக்கினார்கள்.

காலி எண்களின் பெரிய பயன் ஒட்டுவேலையைத் தேடும்போது தெரியும். தரம் 75 படத்தில் வேறொரு படத்தின் துண்டு ஒட்டப்பட்டு, மொத்தமும் 85-இல் சேமிக்கப்படுகிறது. ஒட்டிய பகுதி பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஒட்டிய துண்டின் பழைய 8 × 8 கட்டக் கோடுகள் புதிய இடத்தின் கோடுகளோடு பொருந்த 64 நிலைகளில் ஒன்றுதான் உண்டு. பொருந்தாவிட்டால் அந்தத் துண்டு ஒரே முறை சேமித்ததைப் போலவே நடந்துகொள்ளும். அப்போது எண் 1-இல் மூலப் பகுதியிலிருந்து 18, ஒட்டிய பகுதியிலிருந்து 30, ஆக 48 கட்டங்கள் இருக்கும். எண் 2-இல் 432-ம் 30-ம் சேர்ந்து 462. ஒரு கட்டத்தின் கெழு 2 என்றால் அது ஒட்டியதாக இருக்கும் வாய்ப்பு 6.5 சதவீதம், 1 என்றால் 62.5 சதவீதம். இன்னோர் அதிர்வெண்ணும் இதே வலுவுள்ள சான்றைத் தனித்துத் தந்தால் வாய்ப்பு 96 சதவீதமாகும். கட்டம் கட்டமாக இப்படிக் கூட்டித்தான் சந்தேகப் பகுதியின் வரைபடம் உருவாகிறது.

கணக்கு கைவிடும் இடங்களும் தெளிவானவை. இரண்டு முறையும் ஒரே தரம் என்றால் 5-இன் மடங்கை 5-ஆல் வகுக்கிறோம். எந்த எண்ணும் காலியாகாது. முதல் படி 1 ஆக இருந்தாலும் இந்தத் தடம் கிடைக்காது. ஓரத்தை வெட்டும்போது கட்டக் கோடுகள் 8-இன் மடங்கில் நகராவிட்டாலும், படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் தடம் குலைந்துவிடும். படம் சிறியதாக இருந்தால் எண்ணிக்கையே போதாது: 160 × 120 படத்தில் 300 கட்டங்கள்தான் உண்டு.

ஆகவே காலி எண்கள் தெரிந்தால் ஆய்வறிக்கையில் எழுதத்தக்கது இவ்வளவுதான்: ‘இந்தப் படம் வேறொரு குவாண்டைசேஷன் படியில் முன்பே ஒருமுறை சேமிக்கப்பட்டது.’ வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்தாலும், அனுப்பும் செயலி பிக்சல் அளவை மாற்றாமல் தானாக மறுபடி சேமித்தாலும் இதே தடம்தான் விழும். மோசடி என்று சொல்ல, படத்தின் ஒரு பகுதியில் இந்தத் தடம் இருந்து இன்னொரு பகுதியில் இல்லாமல் போனதைக் காட்ட வேண்டும். அந்தப் பகுதி வெறும் வானமாகவோ வெள்ளைச் சுவராகவோ இல்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். அத்தகைய இடங்களில் கெழுக்கள் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யத்தில் கிடக்கும். எண்ணுவதற்கு எதுவும் இருக்காது.