ஒத்துப்போனால் இப்போதே தைக்கலாம்

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஆஸ்பென் என்று ஓர் ஊர். பனிச்சறுக்குக்குப் பேர்போனது. அங்கிருக்கும் ஓபர்மேயர் நிறுவனம் பனிச்சறுக்கு ஜாக்கெட்டுகளை விற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அதற்கு இருந்த தலைவலி, புதுப் பொருள் விற்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருஷாவருஷம் டிசைன்கள் ஏறக்குறைய முழுவதும் மாறிவிடும். போன வருஷக் கணக்கைப் புரட்டினால், இனி தைக்கப்போகாத ஜாக்கெட்டின் கதைதான் அதில் இருக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் புதிய சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுத்தது மார்ச் மாதம் லாஸ் வேகஸில் நடந்த வணிகக் கண்காட்சியில். ஆனால் ஹாங்காங்கிலும் சீனாவிலும் தையல் முடிந்து சரக்கு நேரத்துக்கு வந்து சேர, அதற்கு முந்தைய நவம்பரிலேயே ஏறக்குறைய பாதி உற்பத்திக்கு ஆர்டர் போட்டாக வேண்டியிருந்தது. கையில் ஒரு கடைக்காரரின் ஆர்டர்கூட இருக்காது.

அதனால் நிறுவனத்தில் பல துறைகளின் ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு டிசைனுக்கும் பேசிப்பேசி ஓர் எண்ணை முடிவு செய்வார்கள். இப்படிப்பட்ட கூட்டம் எப்படிப் போகும் என்று சொல்லவே வேண்டாம். மூத்தவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், அடுத்தவர் தன் மனசில் வைத்திருந்த எண்ணைச் சத்தமில்லாமல் அதன் பக்கத்துக்கு நகர்த்திக்கொள்வார். கூட்டம் முடியும்போது கையில் ஒரே ஓர் எண் மிஞ்சும். எல்லோரும் மனதார ஒத்துக்கொண்டார்களா, யாராவது வாயை மூடிக்கொண்டார்களா என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது.

இதற்கு மருந்து நாற்பது வருஷத்துக்கு முன்பே தயாராகியிருந்தது, ஜாக்கெட்டுக்காக அல்ல, அணுகுண்டுக்காக. கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் இருந்த ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் இருவரும் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு சோதனை செய்தார்கள். எதிரி நாட்டின் திட்டக்காரர் கண்ணால் பார்த்தால், அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியை முடக்க எத்தனை குண்டுகள் தேவைப்படும் என்பது கேள்வி. பழைய புள்ளிவிவரம் எதுவும் இல்லாத, இருக்கவும் முடியாத கேள்வி. ஏழு நிபுணர்களை எடுத்துக்கொண்டார்கள். யாரையும் ஒன்றாக உட்கார வைக்கவில்லை. ஏறக்குறைய வாரம் ஒன்றாக ஐந்து முறை கேள்வித்தாள் போனது. ஒவ்வொரு முறையும் எண்ணோடு காரணத்தையும் கேட்டார்கள். பெயரை மறைத்து, மற்றவர்கள் எதையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள் என்பதை அடுத்த தாளில் சொன்னார்கள். முதல் சுற்றில் ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 5,000 என்றார். எல்லாம் முடிந்து கணக்கைத் திருத்தி எடுத்தபோது பதில்கள் 167-க்கும் 360-க்கும் இடையில் வந்து நின்றன. ரகசியம் என்று பூட்டி வைத்திருந்த இந்த ஆய்வு 1963-இல்தான் இதழில் அச்சேறியது. இந்த முறைக்குத்தான் டெல்ஃபி என்று பெயர்.

அன்று டெல்ஃபியின் வெற்றிக்கு அடையாளம் இந்த நெருக்கம்தான். சிதறிக் கிடந்த எண்கள் ஒன்றுகூடினால் வேலை நன்றாக நடந்ததாக அர்த்தம். இன்று அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு யாரும் நம்புவதில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஓபர்மேயர் கதை உதவும்.

அவர்கள் டெல்ஃபியை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் முதல் பாதியை மட்டும் எடுத்தார்கள். குழுவில் இருந்த ஆறு பேரும் ஒவ்வொரு டிசைனுக்கும் தனித்தனியாக எண்ணை எழுதித் தர வேண்டும் என்று ஆனது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பாடமாகிவிட்ட அந்தப் பட்டியலில் இரண்டு டிசைன்களை மட்டும் பார்ப்போம். கெய்ல் என்ற ஜாக்கெட்டுக்கு வந்த எண்கள் 900, 1000, 900, 1300, 800, 1200. ஸ்டெஃபனி என்ற ஜாக்கெட்டுக்கு 600, 900, 1000, 1100, 950, 2125. சராசரி போட்டால் ஒன்று 1,017, மற்றது 1,113. பழைய கூட்டமாக இருந்தால் இரண்டுக்கும் "ஆயிரத்துச் சொச்சம்" என்று எழுதி, ஒரே மாதிரி துணி வாங்கியிருப்பார்கள்.

தனித்தனியாக எழுதி வாங்கியதால்தான் வித்தியாசம் வெளியே வந்தது. கெய்லில் ஆறு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஸ்டெஃபனியில் ஒருவர் மட்டும் மற்றவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு சொல்கிறார். பருவம் முடிந்து உண்மையான விற்பனையோடு ஒப்பிட்டபோது, குழு ஒத்துப்போன டிசைன்களில் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. குழு பிரிந்து நின்ற டிசைன்களில் தவறியது. அப்படியானால் நவம்பரில் கெய்லைத் தைக்கலாம். ஸ்டெஃபனியை லாஸ் வேகஸ் வரை தள்ளிப்போடலாம். சண்டையைச் சமாதானம் செய்து மறைப்பதைவிட, எங்கே சண்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது லாபம் என்று ஆயிற்று. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆறு பேரும் ஒரே அலுவலகத்தில் ஒரே செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய எண்களுக்குள் இருக்கும் சிதறல் சந்தையின் உண்மையான ஏற்ற இறக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் அந்தப் பாடத்தில் குழுவின் திட்ட விலக்கத்தை இரண்டால் பெருக்கிக்கொள்கிறார்கள்.

சரி, ஸ்டெஃபனிக்கு இரண்டாவது சுற்றும் நடத்தினால் எப்படி இருக்கும்? தாளில் ஆறு எண்களும் பெயரில்லாமல் இருக்கும். சராசரிக்குப் பதிலாக இடைநிலை எண்ணைக் காட்டுவார்கள். இங்கே அது 975. ஒரே ஒரு 2125, சராசரியை நூற்றுக்கு மேல் தூக்கிவிட்டதல்லவா? இடைநிலையை அப்படி அசைக்க முடியாது. பிறகு 600 சொன்னவரையும் 2125 சொன்னவரையும் காரணம் எழுதச் சொல்வார்கள். எல்லா வேலையும் இங்கேதான் இருக்கிறது. 2125 சொன்னவர், ஒரு பெரிய கடைத் தொடர் இந்த நிறத்தைக் கேட்டிருக்கிறது என்று எழுதினால் மற்றவர்களின் எண் ஏறலாம். ஒருவேளை அவர் கேள்வியை ஒரு பருவத்துக்கு என்று எடுக்காமல் இரண்டு பருவத்துக்கு என்று எடுத்திருக்கலாம். அப்போது தவறு கேள்வியில். நேரில் கூடியிருந்தால் இந்த இரண்டும் வெளியே வந்திருக்காது.

ஒன்றும் எழுதாமல், 2125 அடுத்த சுற்றில் 1100 என்று இறங்கிவிட்டால்? கூட்டத்தைப் பார்த்து ஒருவர் பின்வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அது ஒருமித்த கருத்து இல்லை. இப்போது டெல்ஃபி நடத்துகிறவர்கள் இதைத்தான் கவனிக்கிறார்கள்: எண் நகர்ந்ததா என்பதைவிட, எழுதிய ஒரு காரணத்தைப் பார்த்து நகர்ந்ததா என்று. 1970-களில் ஹெரால்ட் சாக்மன் ரேண்டில் இருந்துகொண்டே இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். ஒத்துப்போக வைக்கும் அழுத்தமும் அந்தச் சாடலில் ஒரு பகுதி. பெயரை மறைத்தாலும், இடைநிலை எண்ணே ஓர் அதிகாரியாகிவிடும்.

தபாலும் வாரக்கணக்கான காத்திருப்பும் போய்விட்டன. 2000-களில் டெல்ஃபியில் சுற்றுகளே இல்லாத வகையும் வந்தது. கணினித் திரையில் எண்ணைப் போட்ட உடனே அதுவரை வந்த இடைநிலையும் காரணங்களும் தெரியும். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். வேகம் நல்லதுதான். ஆனால் முதலில் உள்ளே வந்த மூன்று பேருடைய எண்ணைப் பார்த்தபடி நான்காமவர் எழுதுகிறார். மேசையில் முதலில் பேசிய மூத்தவர் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் எண்ணைப் பதிவு செய்யாமல் பிறர் எண் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் பாதி சரியாகும்.

விற்பனைப் பிரிவுக்காரர்களைச் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். அவர்கள் சொல்லும் எண்ணே நாளைக்கு அவர்களுடைய இலக்காகிவிடும் என்றால், குறைத்துத்தான் சொல்வார்கள். இதை எத்தனை சுற்று நடத்தினாலும் சரிசெய்ய முடியாது. இலக்கையும் கணிப்பையும் பிரித்துவிட்டுத்தான் தாளை அனுப்ப வேண்டும்.

ஓபர்மேயர், தள்ளிப்போட்ட டிசைன்களுக்கு மறுபடி குழுவைக் கூட்டவில்லை. பெரிய கடைக்காரர்களைக் கண்காட்சிக்கு முன்பே ஆஸ்பெனுக்கு வரவழைத்து, சரக்கைக் காட்டி ஆர்டர் வாங்கியது. மொத்த ஆர்டரில் ஐந்தில் ஒரு பங்கு வந்த அளவிலேயே, அதை வைத்துத் திருத்திய கணிப்பு நிபுணர்களின் எண்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.